முடிந்த ஸ்கிரிப்டில் ஷாட் குறிப்பது: கவுந்தப்பாடிக் கரும்பாலையை வைத்து ஓர் எளிய விளக்கம்

எழுதி முடித்த ஸ்கிரிப்ட் என்ன சொல்லப்போகிறோம் என்பதைச் சொல்லும். அந்தச் சொற்கள் ஒலிக்கும்போது திரையில் என்ன இருக்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. அந்த இடைவெளியைப் படப்பிடிப்புக்கு முன்பே, ஸ்கிரிப்டின் ஓரத்திலேயே, பேனாவால் நிரப்பும் வேலைதான் ஷாட் குறித்தல். ஒவ்வொரு வரிக்கும் எதை, எவ்வளவு நெருக்கத்தில், எந்தப் பக்கமிருந்து படம் பிடிக்க வேண்டும் என்றும், பேசுபவரின் முகத்தை விட்டு விலகி எங்கே வேறு காட்சியைக் காட்டலாம் என்றும் எழுதி வைக்கிறோம். பேச்சின் மேல் இப்படி வந்து அமரும் காட்சிகளைத்தான் பி-ரோல் என்கிறோம்.

பெரிய குழுவில் இதற்கென்று உதவி இயக்குநர்கள் இருப்பார்கள். இயக்கி, கேள்வி கேட்டு, மைக்கையும் கவனிக்கும் ஒருவர், கேமராவுக்கு ஒருவர், ஸ்டாண்டு தூக்கவும் குறிப்பெடுக்கவும் ஒருவர் என்று மூன்று பேர் மட்டுமே போகும் குழுவுக்கு இந்தக் குறிப்பு வேறொரு வேலையையும் செய்தாக வேண்டும். எது ஒரே ஒரு முறை மட்டும் நடக்கும், எது நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கும் என்பதை அது பிரித்துக் காட்ட வேண்டும். ஷாட்டின் அளவை எல்லோரும் எழுதுகிறார்கள்; இந்தப் பிரிவினையை எழுதுபவர்கள் குறைவு. என் கருத்தில், சிறிய குழுவுக்கு இதுவே முதன்மையான குறியீடு.

கொங்கு நாட்டில் எளிதில் பார்க்கக் கிடைக்கும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பாலை ஒன்றில் நாட்டுச் சர்க்கரை காய்ச்சுவதைப் பற்றி 4 நிமிடப் படம் ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் தயாராக இருக்கிறது என்று கொள்வோம். பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போகும் ஊர் என்பதால் கவுந்தப்பாடியின் பெயர் பலருக்கும் தெரிந்திருக்கும். ஆலையில் நடக்கும் வேலையின் வரிசை இது: கரும்பை இயந்திரத்தில் கொடுத்துச் சாறு பிழிவார்கள், சாற்றை வடிகட்டிக் கொப்பரையில் ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள், சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் அழுக்கை அள்ளி எடுப்பார்கள், பாகு பதத்துக்கு வந்ததும் தொட்டியில் இறக்கி, மரத் துடுப்பால் கிளறித் தேய்த்துப் பொடியாக்குவார்கள். ஒரு கொப்பரை காய்ந்து முடிய ஏறக்குறைய 2 முதல் 3 மணி நேரம் ஆகும். பதம் வந்த பின் பாகை இறக்குவது சில நிமிடங்களில் முடிந்துவிடும். 'இன்னொரு தடவை ஊத்துங்க' என்று அங்கே யாரிடமும் கேட்க முடியாது.

முதல் வேலை, ஸ்கிரிப்டை வாய்விட்டுப் படித்து நேரம் பார்ப்பது. கண்ணால் படிக்கும்போது ஒரு பத்தி சிறியதாகத் தெரியும். நிதானமான விவரணைக் குரலில் படித்தால்தான் அதன் உண்மையான நீளம் தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் நிமிடக் கணக்கு இங்கே பொருந்தாது. ஆகவே சொற்களை எண்ணுவதை விட்டுவிட்டுக் கைபேசியின் ஸ்டாப்வாட்சை நம்புவதே நல்லது. நம் ஸ்கிரிப்டின் மூன்றாம் பத்தி இப்படி இருக்கிறது:

"தை பிறந்துவிட்டால் விடியும் முன்பே ஆலைகளில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். வெட்டி வந்த கரும்பைப் பிழிந்து, சாற்றை வடிகட்டி, இரும்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். சாறு கொதிக்கும்போது சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் அழுக்கை அள்ளி எடுக்கிறார்கள். காய்ந்த கரும்புச் சக்கையே இந்த அடுப்புக்கு விறகு."

நிறுத்தி நிதானமாகப் படித்தால் இது ஏறக்குறைய 25 விநாடி வரும். பி-ரோல் ஷாட் ஒன்று திரையில் சராசரியாக 5 விநாடி நிற்கும் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பத்திக்கு 5 ஷாட் வேண்டும். படிக்கும்போது குரல் இயல்பாக எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு சாய்கோடு போடுங்கள். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் வெட்டு பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் விழும்; ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஷாட் என்று எண்ணத் தொடங்கலாம்.

அடுத்தது அளவு. தொடங்குபவர் மூன்று அளவுகளைப் பிடித்துக்கொண்டால் போதும். எங்கே நடக்கிறது என்று காட்டுவது வைட். யார் என்ன செய்கிறார் என்று காட்டுவது மிட். அதில் ஆள் இடுப்புக்கு மேல் தெரிவார். இந்த வரியில் எது முக்கியம் என்று சுட்டுவது க்ளோஸ். ஓரத்தில் முழுப் பெயரும் எழுத இடம் இருக்காது என்பதால் வை, மி, க்ளோ என்று சுருக்கி எழுதலாம். ஓவர் த ஷோல்டர், டாப் ஆங்கிள் போன்றவை எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்பவை. அளவை எழுதிய பிறகு தேவையானால் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கேமரா நகர வேண்டிய இடத்தில் மட்டும் ஓர் அம்புக்குறி போதும். அம்புக்குறி போடுவதற்கு முன், கேமரா நகர்ந்தால் பார்வையாளருக்குப் புதிதாக என்ன தெரியவரும் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும்.

மூன்றாம் பத்தியை இப்போது குறித்துப் பார்ப்போம். பத்தியின் எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் பெயர் கொடுக்கிறோம்.

3அ: வை. விடியும் முன், தோட்டத்தின் இருட்டில் ஆலையின் அடுப்பு வெளிச்சம். ஒருமுறை.

3ஆ: மி. ஒருவர் இயந்திரத்தில் கரும்பு கொடுக்கிறார். எப்போதும்.

3இ: க்ளோ. வடிகட்டியின் வழியே சாறு கொப்பரையில் விழுகிறது. கொப்பரைக்கு ஒருமுறை.

3ஈ: மி, ஓவர் த ஷோல்டர். அழுக்கு அள்ளுபவரின் தோளுக்குப் பின்னாலிருந்து கொப்பரை. கொப்பரைக்கு ஒருமுறை.

3உ: க்ளோ. அடுப்பின் வாய்க்குள் சக்கையைத் தள்ளும் கை. எப்போதும்.

ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் இருக்கும் சொல்லைக் கவனியுங்கள். 'ஒருமுறை' என்றால் அன்று முழுவதும் அது திரும்ப வராது. விடியலை விட்டுவிட்டால் மறுநாள்தான் கிடைக்கும். ஆகவே குழு ஆலைக்கு வந்து சேர வேண்டிய நேரத்தை 3அ என்ற ஒரே குறிப்பு முடிவு செய்துவிடுகிறது. 'கொப்பரைக்கு ஒருமுறை' என்றால் அடுத்த கொப்பரையில் இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். 'எப்போதும்' என்று இருப்பதை இடையில் ஓய்வு கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றுக்கும் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறப் பேனா வைத்துக்கொண்டால், புகையிலும் பரபரப்பிலும் தாளைப் பார்க்கும்போது கண் சிவப்பில்தான் முதலில் நிற்கும்.

இந்த நிறத்தை மேசையில் உட்கார்ந்து ஊகித்து எழுதிவிட முடியாது. படப்பிடிப்புக்கு முன்பு ஒரு நாள் ஸ்கிரிப்டோடு ஆலைக்குப் போய், ஒரு கொப்பரை ஏறி இறங்கும் வரை கேமரா இல்லாமல் நின்று பார்க்க வேண்டும். "ஏனுங்க, பாகு இறக்குற நேரம் முன்னாடியே தெரியுமுங்களா?" என்று கேட்டால், பதம் வருவதற்கு முன் அவர்கள் கவனிக்கும் அடையாளத்தை ஆலைக்காரரே சொல்லிவிடுவார். சிறிது பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பது அப்படி ஓர் அடையாளம். ஸ்கிரிப்டின் ஓரத்தில் 'தண்ணீரில் உருட்டினால் தயாராகு' என்று எழுதி வைத்துவிட்டால், கேமராக்காரர் எந்த நிமிடத்தில் இடம் மாற வேண்டும் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த உருட்டும் கை நல்ல க்ளோஸ் ஷாட்டும் ஆகும் என்பதால் அதற்கும் ஓர் எண் கொடுத்துவிடலாம்.

இனி நேர்காணல். ஐந்தாம் பத்தியில் ஆலைக்காரர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பே பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுதிய ஸ்கிரிப்ட் அது:

"பாகு முத்துன பொறவு கொஞ்சம் தாமதிச்சாலும் சர்க்கரை கறுத்துப் போயிருமுங்க. எங்கப்பா காலத்துல இருந்து இந்த அடுப்புதானுங்க. கையில உருட்டிப் பாக்கறப்பவே தெரிஞ்சு போயிரும், இன்னிக்குச் சரக்கு எப்படின்னு."

முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் அவர் வேறு ஏதோ பேசியிருந்தார். எடிட்டில் அது நீக்கப்படும். நீக்கிய இடத்தில் அவருடைய முகம் அப்படியே இருந்தால் தலை சட்டென்று ஒரு பக்கம் குதித்தாற்போல் தெரியும். அந்தக் குதிப்பை மறைப்பதற்கே அங்கே பி-ரோல் வேண்டும். இதைக் குறிக்க, திரைப்படத்தில் ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர்கள் பயன்படுத்தும் கோட்டு முறையிலிருந்து ஒரு வழக்கத்தைக் கடன் வாங்கலாம். பேசுபவர் திரையில் தெரியும் வரிகளின் மேல் மேலிருந்து கீழாக நேர்க்கோடு. அவர் குரல் மட்டும் கேட்டு, திரையில் வேறொன்று இருக்கும் வரிகளின் மேல் நெளிகோடு. அவர்கள் அதைப் படப்பிடிப்பின்போது, எடுத்து முடித்த ஷாட்டுகளுக்காகப் போடுகிறார்கள். நாம் அதே கோட்டை முன்கூட்டியே, எடுக்கப்போகும் ஷாட்டுகளுக்காகப் போடுகிறோம்.

இந்தப் பத்தியில் முதல் வாக்கியம் முகத்தோடு தொடங்கட்டும். 'கறுத்துப் போயிருமுங்க' என்ற இடத்தில் நெளிகோடு தொடங்கி, 'எங்கப்பா காலத்துல' என்பதைத் தாண்டிப் போகட்டும். வெட்டு விழும் இடம் நெளிகோட்டின் நடுவில் அமைய வேண்டும். அதன் விளிம்பில் அமைந்தால் மறைப்பு போதாது. நெளிகோட்டுக்கு எதிரே '5அ: க்ளோ, கொப்பரையின் ஓரத்தில் முத்தும் பாகு' என்று எழுதலாம். 'கையில உருட்டிப் பாக்கறப்பவே' என்ற இடத்தில் முன்பு சொன்ன உருட்டும் கையைப் போடத் தோன்றும். அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் பரிந்துரை. அந்த வாக்கியத்தில் ஒரு மனிதரின் பெருமிதம் இருக்கிறது, அது முகத்தில்தான் தெரியும். சொல்லுக்குச் சொல் படம் காட்ட வேண்டும் என்ற எண்ணம் தொடங்குபவர்களிடம் மிகுதியாக உண்டு. பார்வையாளர் இதுவரை பார்த்திராத பொருள் ஒன்று பேச்சில் வந்தால் அதைக் காட்டியே ஆக வேண்டும். பேசுபவரின் மனம் வெளிப்படும் இடத்தில் அவரை மறைக்கக் கூடாது.

காட்டுவதற்குப் பொருளே இல்லாத வரிகளும் வரும். 'போன வருடம் விலை சரிந்துவிட்டது' என்பது அப்படி ஒன்று. அதற்கு எதிரே 'சோகமான காட்சி' என்று எழுதி வைப்பதால் பயன் இல்லை. ஸ்பாட்டில் அதை வைத்து யாரும் எதையும் எடுக்க முடியாது. அந்த விலை உண்மையில் எங்கே முடிவாகிறதோ அங்கே போக வேண்டும்: ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அடுக்கிய மூட்டைகள், மாதிரிக்காகக் கையில் அள்ளிப் பார்க்கும் வியாபாரி, எடை மேடை. அவ்வாறு எழுதும்போதே 'ஏல நாள் எது, அனுமதி யாரிடம்' என்ற கேள்வியையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அனுமதி கிடைக்காத இடத்துக்கு எழுதிய ஷாட் தாளிலேயே நின்றுவிடும். அங்கே போக வழியில்லை என்றால் அந்த வரியைப் பேசுபவரின் முகத்திலேயே விட்டுவிடலாம்.

ஸ்கிரிப்டின் உச்சம் ஏழாம் பத்தி: பாகு இறங்கும் காட்சி. இங்கே முதலில் ஒரு விவரணை இருந்தது. குறிக்கும்போது அதை அடித்துவிட்டு '20 விநாடி, இயல்பொலி மட்டும்' என்று எழுதுவதுதான் சரி. கொப்பரை சாயும் ஒலி, தொட்டியில் பாகு பரவும் ஒலி, துடுப்பின் ஒலி ஆகியவற்றுக்கு மேல் யாரும் பேசத் தேவையில்லை. எங்கே பேச்சை நிறுத்தலாம் என்று காட்டுவதும் இந்தக் குறிப்பின் பயன்களில் ஒன்று.

பாகு இறங்குவதற்கு மூன்று ஷாட் வேண்டும்: முழு ஆலையும் ஆட்களும் தெரியும் வைட், கொப்பரையைச் சாய்ப்பவர்களின் மிட், தொட்டியில் விழும் பாகின் க்ளோஸ். கேமரா ஒன்றுதான். ஒரே இறக்கத்தில் மூன்றையும் பிடிக்க ஓடினால் மூன்றும் அரைகுறையாகும். கொதிக்கும் பாகைத் தூக்கிச் செல்பவர்களின் வழியில் குழு குறுக்கே நிற்பதும் ஆபத்து. ஆகவே கொப்பரை வாரியாகப் பிரிக்கிறோம். முதல் கொப்பரைக்கு '7அ: வை', நகராமல் முதலிலிருந்து கடைசி வரை. இரண்டாவதற்கு '7ஆ: மி'. மூன்றாவதற்கு '7இ: க்ளோ'. வைட் ஷாட்டை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு: அடுத்த கொப்பரைகள் எதிர்பாராமல் தடைபட்டாலும், நடந்ததை முழுவதும் காட்டும் ஒரு ஷாட் கையில் இருக்கும். காலையில் எடுத்த வைட்டும் நண்பகலில் எடுத்த க்ளோஸும் பக்கத்தில் பக்கத்தில் வரப்போவதால், க்ளோஸில் வெயில் விழும் தரையோ வானமோ பின்னணியில் வராமல் இருக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிழலும் வெளிச்சமும் மாறியிருப்பது அங்கேதான் காட்டிக்கொடுக்கும். மூன்று ஷாட்டுக்கும் கேமரா தொட்டியின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கம் மாறினால் வைட்டில் இடமிருந்து வலமாகப் போன பாகு க்ளோஸில் வலமிருந்து இடமாகப் போகும். அதைத் தவிர்க்க, ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் ஆலையின் தரைப்படம் ஒன்றை வரைந்து, கேமரா நிற்க வேண்டிய பக்கத்தைக் கோடிட்டு வைப்பது போதும்.

பொடியாகும் சர்க்கரையை மெதுவாக விழவைத்துக் காட்ட விரும்பினால் அதையும் முன்பே எழுத வேண்டும். விநாடிக்கு 25 ஃப்ரேமில் ஓடப்போகும் படத்தில் பாதி வேகம் வேண்டுமானால் விநாடிக்கு 50 ஃப்ரேமில் எடுக்க வேண்டும். அந்த ஷாட்டில் பதிவாகும் ஒலியை மெதுவாக்கிய படத்தோடு பொருத்திப் பயன்படுத்த முடியாது. 'க்ளோ, 50, ஒலி தனியாக' என்ற குறிப்பு இருந்தால் மைக்கைப் பிடித்திருப்பவர் அந்த ஒலியைத் தனியே பதிவு செய்துகொள்வார். கொப்பரைக்கு மிக அருகே போக வேண்டிய க்ளோஸுகளுக்கு எதிரே 'ஆவி' என்று எழுதுங்கள். தை மாத விடியல் குளிரில் கிடந்த லென்ஸ் ஆவி பட்டதும் பனித்துப் போகும். சற்றுத் தள்ளி நின்று நீண்ட லென்ஸில் எடுக்கலாம். அல்லது கேமராவை அடுப்பின் பக்கத்தில் சிறிது நேரம் வைத்துச் சூடேற்றிய பின் எடுக்கலாம். கரும்பு பிழியும் இயந்திரம் ஓடும்போது நேர்காணல் கேட்காது என்பதால், அன்று எடுக்க வேண்டிய பேச்சு மிச்சம் இருந்தால் அந்தப் பத்தியின் தலைப்பில் 'மெஷின் நிற்கும் நேரம்' என்று இருக்க வேண்டும்.

முழு ஸ்கிரிப்டும் குறித்து முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். 4 நிமிடம் என்பது 240 விநாடி. அதில் பேச்சு 90 விநாடி, பாகு இறங்குவது 20 விநாடி, விவரணை 130 விநாடி. பேச்சில் நெளிகோட்டுக்குள் வருவது 30 விநாடி என்றால், பி-ரோல் நிற்க வேண்டிய மொத்த நேரம் 180 விநாடி. ஷாட்டுக்கு 5 விநாடி வீதம் 36 ஷாட். சில ஷாட்டுகள் கெட்டுப்போகும், சில பொருந்தாமல் போகும் என்பதால் பாதி கூடுதலாக வைத்தால் 54. இடம் மாறி, ஸ்டாண்டு வைத்து, ஃபோகஸ் பார்த்து, குறைந்தது 10 விநாடி அசையாமல் எடுக்கச் சிறிய குழுவுக்கு ஷாட் ஒன்றுக்கு 7 நிமிடம் என்று கொண்டால் 6 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நேர்காணலுக்கும் சாப்பாட்டுக்கும் காத்திருப்பதற்கும் நேரம் ஒதுக்கினால் ஒரு நாளில் இது முடியும். ஓரத்தில் 80 குறிப்புகள் இருந்தால் 9 மணி நேரத்தைத் தாண்டும். அப்போது நீங்கள் தாளில் எழுதியது ஒரு நாள் வேலை இல்லை. எதை விடுவது என்பதை அன்று மாலை அவசரத்தில் முடிவு செய்வதைவிட இப்போதே முடிவு செய்யலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'கட்டாயம்' அல்லது 'கிடைத்தால்' என்று எழுதுங்கள். ஒரு வரிக்கு இருக்கும் ஒரே மறைப்பு கட்டாயம். அதே வரிக்கு இரண்டாவது அழகான காட்சி கிடைத்தால் போதும்.

கடைசியாக இவற்றை இன்னொரு தாளில் நேரவரிசையாக மாற்றி எழுத வேண்டும். ஸ்கிரிப்டில் கதையின் வரிசை இருக்கிறது. ஆலையில் அடுப்பின் வரிசைதான் நடக்கும். விடியல் என்ற தலைப்பில் 3அ மட்டும். முதல் கொப்பரையின் கீழ் 3இ, 5அ, உருட்டும் கை, 7அ. இரண்டாவதன் கீழ் 3ஈ, 7ஆ. மூன்றாவதன் கீழ் 7இ, மெதுவாக விழும் சர்க்கரை. பச்சையில் இருக்கும் 3ஆ, 3உ போன்றவற்றைத் தனிப் பட்டியலாக்கி, கொதிக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஷாட்டும் ஓடத் தொடங்கும்போது உதவியாளர் 'மூன்று இ' என்று வாயால் சொல்லிவிட்டால், எடிட்டர் அந்தத் துண்டை எந்த வரிக்கு எடுத்தது என்று தேட வேண்டியிருக்காது. எடுத்ததை ஒரு கோட்டால் அடியுங்கள். திட்டமிட்டதிலிருந்து மாறி எடுத்திருந்தால் என்ன மாறியது என்பதை அங்கேயே எழுதுங்கள். மூன்றாவது கொப்பரை அடுப்பில் இருக்கும்போதே 'கட்டாயம்' என்று இருந்தும் அடிக்காமல் நிற்கும் எண்களைத் தேடிப் பார்த்துவிட்டால், அவற்றை எடுக்க அடுப்பில் இன்னும் ஒரு கொப்பரை மிச்சம் இருக்கும்.